பதின்மூன்றில் பதினொன்று

நாவுலயிலிருந்து வரும் மரக்கறி லொறி காலை பத்து மணிக்கு மேல்தான் கம்பனியின் மாத்தளைத் தலைமைக் கந்தோர் வாசலில் வந்து நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. சாரதி புஹாரி நானா எடைச் சீட்டுக் கட்டைக் கணக்குப் பிரிவில் வைத்துவிட்டு, அதற்குள்ளிருந்து ஒரு காக்கி உறையை உருவிச் சரோஜினிதேவியின் மேசையில் போட்டார்.

"இது ஒங்களுக்காம் மிஸ். இருளாண்டி குடுத்தாரு. கையிலயே குடுக்கணும்னு ரெண்டு தரம் சொன்னாரு."

உறையின் மேல் 'சம்பளப் பிரிவு, தலைமைக் கந்தோர், மாத்தளை' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டிருந்தது. சம்பளப் பிரிவு என்றால் என்னவோ ஒரு மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பதாக வெளியூர்ச் சேகரிப்பு நிலையங்களில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் சம்பளப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், ஓர் இரும்பு அலுமாரி, சரோஜினிதேவி. அவ்வளவுதான். பதினைந்து வருடமாக அதே ஜன்னலோரம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாவட்ட நிர்வாகக் கந்தோரான கச்சேரியில் வேலைக்கு வந்து மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். மகள் பிறந்தது, படித்தது, வேலை கிடைத்தது எல்லாம் இந்த ஊரில்தான்.

கம்பனியின் தொழில், விவசாயிகளிடம் மரக்கறியும் மிளகும் சோளமும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவது. பலாபத்வல, நாவுல, வில்கமுவ என்று மூன்று இடங்களில் சேகரிப்பு நிலையங்கள். மாத முடிவில் சரோஜினிதேவி ஒவ்வொரு நிலையத்துக்கும் சம்பளச் சீட்டுகளை ஒரே கோப்பாக்கி ஈமெயிலில் அனுப்புவாள். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். ஊழியர் இலக்கப்படி வரிசை. நிலையத்தில் இருக்கும் கிளார்க் அதைப் பிரிண்ட் எடுத்து, மடித்து, ஆளாளுக்குக் கொடுப்பார். சம்பளப் பணம் வேறு வழியில் நேராக வங்கிக்குப் போய்விடும்.

உறையைப் பிரித்தாள். கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாள்.

'மதிப்புக்குரிய சம்பளப் பிரிவு அவர்களுக்கு, நாவுல நிலையத்தில் தராசில் நிற்கும் இருளாண்டி பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த மாதம் கம்பியூட்டரில் வந்த சம்பளச் சீட்டுக் கோப்பில் கடைசிப் பக்கத்தைக் காணவில்லை. நான் நிலையத்தின் கடைசி இலக்கம். ஆகவே காணாமல் போனது என்னுடைய சீட்டு என்று நினைக்கிறேன். பாறூக் தம்பியின் சீட்டின் அடியில் பக்கம் 11, மொத்தம் 13 என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சம்பளம் வங்கிக்கு வந்துவிட்டது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சீட்டுத்தான் வேண்டும். இது எனக்கு முதலாவது சீட்டு. தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் தேடி அனுப்பவும்.'

சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தைத் தேடி அனுப்ப வேண்டுமாம், ஏதோ வழியில் லொறியிலிருந்து விழுந்துவிட்டதுபோல. கோப்பு என்பது அப்படிப் பாதியில் கிழிந்து போகிற சாமானா? நாவுல கிளார்க் பாறூக்கின் பிரிண்டரில் கடதாசி முடிந்திருக்கும். மொத்தம் என்று கூடுதலாக ஓர் எண் விழுந்திருப்பதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. சம்பள மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசிச் சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லாத வெறும் பக்கம் ஒன்றைத் துப்பும். அந்த வெறும் பக்கத்தையும் சேர்த்துத்தான் அது மொத்தம் போடும். இது அவளுக்குத் தெரியும், தராசில் நிற்பவருக்குத் தெரியாதுதானே.

மாத முடிவு வேலை தலைக்கு மேல் இருந்தது. அனுப்பிய ஈமெயிலைத் தேடி எடுத்து, அதே கோப்பை நாவுலக்கு மறுபடியும் அனுப்பினாள். 'பிரிண்டரில் கடதாசி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரியும் சேர்த்தாள். அத்தோடு அதை மறந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் புஹாரி நானா மறுபடியும் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் இன்னொரு காக்கி உறை.

"என்ன நானா, திரும்பவும் இருளாண்டியா?"

"அவருதான். மனுசன் கோவமெல்லாம் இல்ல மிஸ். ஆனா விடமாட்டாரு போல இருக்கு."

'மதிப்புக்குரிய சம்பளப் பிரிவு அவர்களுக்கு, மீண்டும் அனுப்பியதற்கு நன்றி. மீண்டும் பதினொரு பக்கம்தான் வந்திருக்கிறது. பிரிண்டரில் கடதாசி நிறைய இருக்கிறது, நானே புதுக் கட்டுப் பிரித்து வைத்தேன். கம்பியூட்டர் திரையிலும் பதினொன்றுதான் என்று பாறூக் தம்பி காட்டினார். மொத்தம் 13 என்பதைத் தயவுசெய்து பார்க்கவும்.'

பதின்மூன்று என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

சரோஜினிதேவி வாசித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து நாவுலக்குப் பேசினாள். பாறூக்தான் எடுத்தான். நிலையத்தின் கிளார்க், இருபத்தைந்து வயது, வேகமாகப் பேசுபவன்.

"நான் என்ன செய்ய மிஸ்? நீங்க அனுப்பினதத்தான் நான் எடுத்தேன். கடைசி என்ட சீட்டு. அதோட முடிஞ்சி. நான் ஒண்ணும் கிழிச்சி வைக்கல்ல."

"நீங்க கிழிச்சீங்கன்னு யாரு சொன்னா? லைன் சரியில்லாம பாதி இறங்கியிருக்குமோன்னு கேக்குறேன்."

"பாதி இறங்கினா கோப்பே திறக்காது மிஸ். இது நல்லா திறக்குது. இருளாண்டி அண்ணன் ஒவ்வொரு நாளும் வந்து என்ட முகத்தப் பாக்குறாரு. கேக்க மாட்டாரு. பாத்துட்டு மட்டும் போவாரு. அதுதான் எனக்குத் தாங்க ஏலாம இருக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, விரல் விட்டு எண்ணினாள். பாறூக் வரைக்கும் பதினொன்று. வெறும் பக்கம் ஒன்று. பன்னிரண்டு. அப்படியானால் பதின்மூன்று எப்படி வரும்? நடுவில் ஒன்று இருக்கிறது. எழுத்து உள்ள பக்கம்.

மென்பொருளைத் திறந்து நாவுலயின் அறிக்கையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். பன்னிரண்டாவது பக்கத்தில், நிறுத்திவைத்தது போல் தெளிவாக நின்றது: இருளாண்டி, தராசு உதவியாளர், நிரந்தரம். பெயர், வங்கி, சேமலாப நிதி இலக்கம் எல்லாம் சரி. பக்கம் இருக்கிறது. பின் ஏன் கோப்பில் ஏறவில்லை?

கோப்பாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள். சிறிய பெட்டி ஒன்று திரையில் வந்தது. வழக்கமாக அதைப் பார்க்காமலே 'சரி' என்று அழுத்திவிடுவாள், கை அப்படிப் பழகிவிட்டது. இந்தத் தடவை பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்ற இடத்தில், 1 முதல் 11 வரை என்று இருந்தது.

அந்தப் பதினொன்றைப் போட்டது வேறு யாருமில்லை. வெறும் பக்கத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு கடதாசி வீணாகிறதே என்று போன வருடம் அவளே போட்டது. நாவுலயில் அப்போது பதினொரு பேர். பதினொன்றோடு நிறுத்தினால் வெறும் பக்கம் வராது. அதை நாவுல அறிக்கைக்கென்று சேமித்தும் வைத்திருந்தாள். மென்பொருள் சொன்ன பேச்சைத் தட்டாமல் மாதாமாதம் பதினொன்றோடு நிறுத்தியது. பன்னிரண்டாவதாக ஓர் ஆள் நிரந்தரமாகி வருவார் என்று அதற்கு யார் சொன்னது?

"சே," என்றாள் வாய்விட்டு.

பக்கத்து மேசையில் இருந்த கணக்காளர் இராஜசிங்கம் தலையை நிமிர்த்தினார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் மனிதர், எதற்கும் பதறாதவர். "என்ன சரோ, கம்பியூட்டர் நிண்டுட்டுதா?"

"கம்பியூட்டர் நல்லாத்தான் இருக்கு சேர். நான்தான்." நடந்ததைச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரி, பன்னிரண்டாக்கி அனுப்பிவிடுமன். ஒரு நிமிச வேலை. இதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கிறீர்?"

"அந்த மனுசன் ரெண்டு கடிதம் எழுதினார் சேர். நான் கடதாசி இருக்கான்னு பாக்கச் சொல்லி அனுப்பினேன்."

இராஜசிங்கம் சிரித்துவிட்டார். சிரித்ததும் அவளுக்குக் கொஞ்சம் இலேசானது. எல்லையை அழித்துவிட்டு, 'எல்லாப் பக்கங்களும்' என்பதைத் தெரிவு செய்தாள். வெறும் பக்கம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். இருளாண்டியின் சீட்டைத் தனியே எடுத்துப் பிரிண்ட் பண்ணினாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொரு நினைப்பு வந்தது. கடதாசியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன வருடம் நாவுலக்கு மட்டுமா எல்லை போட்டேன்?

பலாபத்வலயைத் திறந்தாள். எட்டு வரை என்று இருந்தது. ஆட்களும் எட்டுத்தான், ஒன்றும் பழுதில்லை. வில்கமுவயைத் திறந்தாள். ஒன்பது வரை என்று இருந்தது. ஆட்கள் பத்துப் பேர்.

பத்தாவது ஆள் ஹவ்வா. களஞ்சிய உதவியாளர். சித்திரையில் சேர்ந்தவர். நான்கு மாதம். நான்கு மாதமும் கடைசிப் பக்கம் போகவில்லை, நான்கு மாதமும் ஒரு வார்த்தை வரவில்லை.

வில்கமுவ நிலையத்துக்கு லைன் கிடைக்க வெகு நேரமானது. அங்கே பொறுப்பாளர் சிங்களவர், நல்ல மனிதர். சரோஜினிதேவி சிங்களத்தில் விசாரித்தாள். ஹவ்வா நன்றாக வேலை செய்கிறார், ஒரு குறையும் இல்லை என்றார் அவர். சம்பளச் சீட்டைப் பற்றி ஹவ்வா எதுவும் கேட்கவில்லையா என்றாள். கேட்கவில்லை, வந்த சீட்டுகளைக் கொடுத்தோம், வராததைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை என்றார். பிறகு பின்னால் திரும்பி யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். சீட்டு பழைய ஆட்களுக்குத்தான் தருவார்கள், கொஞ்ச வருடம் வேலை செய்த பிறகு தனக்கும் வரும் என்று ஹவ்வா நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அதைக் கேட்டதும் சரோஜினிதேவிக்கு மனம் பொறுக்கவில்லை. ஒருவர் வட்டம் போட்டுக் கேட்டார். இன்னொருவர் கேட்கலாம் என்பதே தெரியாமல் இருந்திருக்கிறார். பதினைந்து வருடமாக இவர்களுடைய பெயர்களைத் தட்டெழுதுகிறாள். யாருடைய முகமும் தெரியாது. நிலையங்கள் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

"சேர், வெள்ளிக்கிழமை வில்கமுவக்குப் பெட்டி ஏத்திக்கொண்டு வேன் போகுதுதானே? நானும் போயிட்டு வரட்டுமா?"

"ஈமெயில் எதுக்கு இருக்கு?"

"ஈமெயிலால வந்த வினைதானே சேர் இது. கையிலயே குடுத்துட்டு வாறன்."

கந்தோர் முழுக்க மாத்தளைத் தமிழ் பேசினாலும், இராஜசிங்கத்திடம் எதையாவது சாதிக்க வேண்டுமென்றால் அவளுக்கு அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும். அவர் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புஹாரி நானாவின் வேனில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். வன்னியில் சண்டை மும்முரமாக நடந்த வருடம் அது. தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பாதையில் சோதனை கூடியிருந்தது. பலாபத்வல தாண்டியதும் இராணுவக் காவலரண் ஒன்றில் அவர்களை இறக்கி, வெற்றுப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்து, அவளுடைய கைப்பையையும் கோப்புறையையும் திறந்து பார்த்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் சீட்டுகளைப் புரட்டினான். இது என்ன என்றான். சம்பளச் சீட்டு என்று சிங்களத்தில் சொன்னாள். உங்களால் எங்கள் சம்பளச் சீட்டையும் அனுப்ப முடியுமா என்று கேட்டு அவனே சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். புஹாரி நானா வேனை எடுத்ததும்தான் அவள் மூச்சை விட்டாள்.

நாவுல நிலையம் பாதையோரம் தகரம் போட்ட நீளமான கட்டடம். போஞ்சியும் கறிமிளகாயும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பெரிய தராசுக்குப் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க, ஒடிசலான, சட்டைப் பையில் இரண்டு பேனை குத்திய ஒரு மனிதர் நின்றார். கேட்காமலே அவர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இருளாண்டி?"

"ஆமாங்க."

"நான் சம்பளப் பிரிவு."

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், இன்னும் ஆட்கள் இறங்குவார்களா என்று. வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் அவசர அவசரமாகக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"மேடம், நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம்... நான் சும்மா ஒரு கடதாசிதான் போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவமா? நீங்க சொன்னது சரி. கடைசிப் பக்கத்த நான்தான் விட்டுட்டேன். பதினொன்னோட நிக்கிற மாதிரி நானே போட்டு வச்சிருந்தேன், நீங்க வந்தப்புறம் அத மாத்தல. கடதாசியப் பாக்கச் சொன்னேனே, அதுக்கு மன்னிச்சுக்குங்க."

பாறூக் கந்தோர் அறையிலிருந்து ஓடி வந்தான். "கேட்டீங்களா அண்ணன், நான் கிழிக்கல்ல!"

சீட்டைக் கொடுத்தாள். இருளாண்டி இரண்டு கையாலும் வாங்கினார். அவசரப்படவில்லை. மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார், உதடு மெல்ல அசைந்தது. ஓர் இடத்தில் நின்றார்.

"சேமலாப நிதின்னு ரெண்டு எடத்துல போட்டிருக்குங்களே மேடம்?"

"ஒன்னு உங்க சம்பளத்துல பிடிக்கிறது, நூத்துக்கு எட்டு. மத்தது கம்பனி போடுறது, நூத்துக்குப் பன்னிரண்டு. அது உங்க சம்பளத்துல கழியாது. ரெண்டும் உங்க பேர்ல சேரும்."

"கம்பனி எட்டுக்கு மேல போடுதுங்களா?" அவர் பாறூக்கைப் பார்த்தார், அவன் ஆமாம் என்று தலையாட்டினான். "எட்டு வருசம் நாட்கூலிக்கு நின்னேங்க. சனிக்கிழமை வவுச்சர்ல கையெழுத்துப் போட்டு வாங்குனா முடிஞ்சுது. இப்படி ஒரு கடதாசி வந்ததே இல்ல."

பிறகு கொஞ்சம் தயங்கி, வீடு பக்கத்திலேதான் இருக்கிறது, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக வேண்டும் என்றார். புஹாரி நானா பெட்டி மாற்ற எப்படியும் நேரமெடுக்கும். அவள் போனாள்.

நிலையத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் சிறிய கல் வீடு. இருளாண்டியின் மனைவி சுந்தரம்மா வாசலுக்கு வந்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் உள்ளே ஓடி, உட்காரக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டாள். உள்ளே ஒரு முதியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். சுந்தரம்மாவின் அப்பா கணபதி, மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து நிறுத்தவர். மருமகனை ஒரு வார்த்தையும் தவறாகப் பேசியவரில்லை. ஆனால் கம்பனியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று மருமகன் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை. தோட்டத்தில் இப்படிச் சொல்லிச் சொல்லியே ஆட்களை வைத்திருந்ததை அவர் பார்த்தவர்.

"அப்பாதான் இவர் பேரு போட்ட சீட்டக் காட்டச் சொன்னாரு," என்றாள் சுந்தரம்மா. "சீட்டு வந்துரும்னு இவரும் சொல்லிட்டாரு. மாசம் முடிஞ்சுது, எல்லாருக்கும் வந்துச்சு, இவருக்கு வரல. அப்பா ஒன்னுமே சொல்லலீங்க. ம்ம்னு மட்டும் சொன்னாரு. அந்த ம்ம்தான் இவரால தாங்க முடியல. அன்னிக்கு ராத்திரியே கொப்பியக் கிழிச்சு எழுத உக்காந்துட்டாரு."

சரோஜினிதேவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருளாண்டி சீட்டை மாமனாரிடம் நீட்டினார். கணபதிக்கு எண்கள் தெரியும், எழுத்து வாசிக்க வராது. ஆனால் சீட்டை அவர் தலைகீழாகப் பிடிக்கவில்லை. மேலேயிருந்த கம்பனி முத்திரையைப் பார்த்தார், தாளைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். பிறகு நேராகச் சரோஜினிதேவியைக் கேட்டார்.

"இதுல பெர்மனென்ட்டுன்னு எங்க போட்டிருக்கு தாயி?"

அவள் எழுந்து போய் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தா, இங்க. நிரந்தரம்னு."

"இத நீங்கதான் போட்டீங்களா?"

"கம்பனி போட்டுது ஐயா. நான் டைப் பண்ணினேன்."

முதியவர் அந்தச் சொல்லின் மேல் தன் விரலையும் ஒரு தடவை வைத்தார். மருமகனைப் பார்த்து, "சரிதான்பா," என்றார். இருளாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகைப் பார்த்தாலே சிரிக்கிறார் என்று தெரிந்தது.

சுந்தரம்மா உள்ளேயிருந்து கண்ணாடிச் சட்டகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மாத்தளைக் கடையில் வாங்கி வைத்து இரண்டு வாரமாகிறதாம்.

"கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டவா போறீங்க?" என்று பதறினாள் சரோஜினிதேவி. "சம்பளம் எவ்வளவுன்னு வாறவங்க போறவங்க எல்லாம் பாப்பாங்களே."

"பாக்கட்டுமேங்க," என்றாள் சுந்தரம்மா. "நல்லாப் பாக்கட்டும்."

தேத்தண்ணியும் அரிசி மாவு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அவள் வேனுக்குத் திரும்பினாள். எலஹெரப் பக்கம் திரும்பிய பிறகு பாதை குறுகியது, இரு பக்கமும் வயல், எதிரே வருவது பெரும்பாலும் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும். புஹாரி நானா வழியெல்லாம் இருளாண்டியின் கதையைத் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

வில்கமுவ நிலையத்தில் சோள மூட்டைகளுக்கு நடுவே ஹவ்வா கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முப்பது வயது தாண்டியவர், முந்தானையைத் தலையில் இறுக்கிச் சுற்றியிருந்தார். கந்தோரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் பேனையை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன மிஸ், என்னய நிப்பாட்டப் போறாங்களா?"

"அல்லாவே, இல்லப்பா," என்று முந்திக்கொண்டார் புஹாரி நானா. "ஒங்கட சாமான் ஒண்ணு மிஸ் கிட்ட நாலு மாசமாத் தங்கிப் போச்சு. அதக் குடுக்க வந்திருக்காங்க."

சரோஜினிதேவி நான்கு சீட்டுகளையும் கையில் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே சீட்டுப் பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு, இது யாரும் தரும் சலுகை இல்லை, வராவிட்டால் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஹவ்வா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது சீட்டுக்குப் போகும் முன்னே முதலாவதற்குத் திரும்பினார்.

"மிஸ், ஒண்ணு கேட்டா குத்தமில்லையே? இது எனட அடையாள அட்டை நம்பர் இல்ல."

"இல்லையா?"

"எழுபத்தாறு, அதுக்குப் பொறகு அறுநூத்தி எழுபத்தாறு வரணும். இதுல நூத்தி எழுபத்தாறுன்னு இருக்கு. அட்டை இந்தா இருக்கு, பாருங்க."

சரோஜினிதேவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. விரல் அழுத்திய பிழை. அதன் அர்த்தம் விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடையாள அட்டை இலக்கத்தில் வருடத்துக்குப் பின்னால் வருவது பிறந்த நாள் வருடத்தில் எத்தனையாவது என்பது. பெண்களுக்கு அதோடு ஐந்நூறு கூட்டுவார்கள்.

"ஹவ்வா, இந்த நம்பர்படி நீங்க ஆம்பிள."

ஹவ்வா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், புஹாரி நானா சோள மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், விஷயம் சிங்களத்தில் போய்ச் சேர்ந்ததும் பொறுப்பாளரும் சேர்ந்துகொண்டார்.

"நாலு மாசம் ஆம்பிளையா மூட்டை எண்ணியிருக்கேன்," என்றார் ஹவ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க."

சரோஜினிதேவி சிரித்தாலும் உள்ளே கணக்குப் போட்டாள். இந்த இலக்கம்தான் சேமலாப நிதிக்கும் போயிருக்கிறது. இப்போது பிடிபடாவிட்டால், இருபது வருடம் கழித்து ஹவ்வா பணத்தை எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவரும். இது நான் இல்லை, இது நான்தான் என்று கச்சேரிக்கும் தொழில் கந்தோருக்கும் அலைய வேண்டியிருக்கும். சீட்டு முதல் மாதமே போயிருந்தால் ஹவ்வா அன்றைக்கே சொல்லியிருப்பார். சொல்லக்கூடியவர்தான் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

ஹெட்டிப்பொலக் கடைத்தெருவில் ஃபோட்டோ கொப்பி எடுக்கும் கடை ஒன்று இருந்தது. புஹாரி நானா ஹவ்வாவையும் ஏற்றிக்கொண்டு போய் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து வந்தார். திருத்தக் கோரிக்கையைச் சரோஜினிதேவி நிலையத்திலேயே மேசை முன் உட்கார்ந்து எழுதி, ஹவ்வாவிடம் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போடும் முன்னர் ஹவ்வா இலக்கத்தை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தார். சரோஜினிதேவிக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கோரிக்கை கம்பனிக் கடிதத்தோடு தொழில் கந்தோருக்குப் போனது. மூன்று வாரத்தில் திருத்தியாகிவிட்டது என்று பதில் வந்தது. இராஜசிங்கம் சொன்ன யோசனைப்படி, அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு ஈமெயிலிலும் 'இத்துடன் இத்தனை பேருடைய சீட்டுகள்' என்று பெயர்ப் பட்டியலும் போகத் தொடங்கியது. வாங்குபவர் எண்ணிப் பார்த்து, கிடைத்தது என்று பதில் போட வேண்டும்.

ஆனால் வெள்ளிக்கிழமை அன்று இதொன்றும் நடந்திருக்கவில்லை. ஹவ்வா பொட்டலம் கட்டிக் கொடுத்த அவித்த சோளத்தோடு சரோஜினிதேவி வேனில் ஏறினாள். வயல்களின் மேல் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு சோளத்தை எடுத்துப் புஹாரி நானாவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைத் தானும் கடித்தாள். இனிப்பாக இருந்தது.

"நானா, பலாபத்வல நிலையத்துக்கு எப்ப போவீங்க?"

"அங்கயும் பக்கம் விடுபட்டுப் போச்சா மிஸ்?"

"இல்ல. அங்க எல்லாம் சரி." சோள முத்து ஒன்றைப் பல்லால் பிரித்துக்கொண்டே சொன்னாள். "எட்டுப் பேரு இருக்காங்க. சும்மா பாத்துட்டு வரலாம்னு."

"செவ்வாய்க்கிழம," என்றார் புஹாரி நானா. "முன் சீட்டுக் காலியா இருக்கும்."